ஏழாமிடத்துச் செவ்வாய்

தை மாதம், வெள்ளி இரவு.

மலர்விழிக்கு வரன் பேசப் பேராவூரணியிலிருந்து வந்தார்கள். இதுவரை வந்தவர்கள் என் மகளின் ஜாதகத்தில் ஏழாமிடத்துச் செவ்வாயைக் கண்டதும் தோஷம் என்று எழுந்துவிடுவார்கள். இன்றும் அதையே எதிர்பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா தேங்காய் மண்டி நடத்துகிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டத்தையே பார்த்தார்.

"கடக லக்னம், மகரத்துல செவ்வாய் உச்சம். இது ருசக யோகம்ங்க. லக்னத்துலேர்ந்து ஒண்ணு, நாலு, ஏழு, பத்துல செவ்வாய் ஆட்சியா, உச்சமா நின்னாத்தான் வரும். பஞ்ச மகாபுருஷ யோகத்துல குரு நின்னா ஞானம், சுக்கிரன் நின்னா சுகம், புதனுக்குப் புத்தி, சனிக்கு ஜனக்கட்டு. செவ்வாய்க்குத் துணிச்சலும் அதிகாரமும். பொண்ணுக்குக் காக்கிச் சட்டை சும்மாவா வந்துச்சு?"

"அப்ப தோஷம்?" என்றாள் என் மனைவி.

"கடகத்துக்குச் செவ்வாய் அஞ்சுக்கும் பத்துக்கும் உடையவன், யோககாரகன். உச்சத்துல வேற இருக்கான். என்ன தோஷம்? எனக்கும் இதே கட்டம்தான்."

அவர் கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆமாங்க. நான் இன்னமும் உயிரோடதான் இருக்கேன்."

நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

தேர் பந்தோபஸ்தில் இருந்த மகளுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். மாமியாருக்கும் அதே செவ்வாய் என்றதும் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டாள்:

"அப்ப அந்த வீட்ல நான் கான்ஸ்டபிள்தானாப்பா?"