“நான் போன பிறகு திறக்கவும்”

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். வாவிப் பக்கக் காற்றும் இல்லை. பிரஷர் கிளினிக். 140/90. போடுகிற குளிசை அதேதான்.

கடைசி நேரத்தில் என்ன வைத்தியம் வேண்டும், வேண்டாம் என்று மகளுக்குக் கடிதம் எழுதிவிட்டதை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். உறையை ஒட்டி, காணி உறுதிப் பத்திரத்தோடு அலுமாரியில் பூட்டியாயிற்று. மேலே “நான் போன பிறகு திறக்கவும்.”

சிரித்துவிட்டார். “போன பிறகு திறந்து என்னம்மா செய்யிற? இதுக்கெண்டு இங்க தனிச் சட்டம் இல்ல. கடிதம் எங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனா பெரிய உதவி. அந்த நேரம் நாங்க வீட்டாக்களைத்தான் கேப்பம், அவ என்ன சொல்லி இருக்கா எண்டு.”

அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். ஒருமுறை கேட்டிருக்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

தேங்காய் துருவவில்லை. மதியம் கடைப் பாண்தான். கடிதத்தைத் திரும்ப எழுதினேன்:

– தேறக்கூடிய நோய் என்றால் மூச்சு மிஷின் போடலாம். சில நாள் பார்த்து, முன்னேற்றம் இல்லாவிட்டால் எடுக்கவும்.
– திரும்ப வழியில்லை என்று டாக்டர்மார் சொன்னால் மிஷின் வேண்டாம், நெஞ்சை அமுக்க வேண்டாம், மூக்கால் குழாய்ச் சாப்பாடு வேண்டாம்.
– நோவுக்கு மருந்து கட்டாயம். வாயை நனைக்கவும்.
– முடிந்தால் வீட்டில்.
– எனக்காகப் பேசுவது: மகள் கவிதா.
– திகதி, கையெழுத்து. பிரதி மூன்று: கவிதா, மச்சாள், கிளினிக் கொப்பி. வருடா வருடம் பார்த்துத் திருத்த.

இவரும், கவிதாவின் அப்பாவும், சொன்னவர். சோற்றுக் கோப்பையோடு இருந்து சாப்பிடும்போது, “எனக்குக் குழாய் கிழாய் ஒண்டும் வேணாம்.” ஐசியூ வாசலில் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, “இல்ல, ஒண்டும் சொல்லல்ல” என்றேன். பக்கத்தில் இவருடைய தங்கை, என் மச்சாள், நின்றாள். புருசனைச் சாக விட்டுட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லுவாளே என்று பயம். பதினொரு நாள் குழாயோடு கிடந்துதான் போனார். கையைக் கட்டி வைத்திருந்தார்கள், குழாயை இழுக்கிறார் என்று. வெட்கம். வேறு சொல் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

கவிதா கல்குடாவிலிருந்து மீனோடு வந்தாள். மீன் வெட்டி முடித்ததும் கடிதத்தை வாசிக்கக் கொடுத்தேன். பிறகு அவளுடைய அப்பா சொன்னதைச் சொன்னேன். நிலத்தைப் பார்த்தபடி.

“தெரியும் அம்மா. நானும் அண்டைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தனான்.”

“அப்ப வாசல்ல ஏன் மனே பேசல்ல?”

“நீங்க இல்ல எண்டு சொன்னாப் பிறகு நான் என்னெண்டு பேசுற? மாமியும் நிண்டா.”

மீன் சட்டியை மூடி ஒரு பக்கம் வைத்தேன். என் பொய்யை என் பிள்ளையும் இத்தனை நாள் சுமந்திருக்கிறாள். இவளைத்தான் எனக்காகப் பேசச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

மச்சாளுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். “என்ன கா, இந்த நேரத்தில?” என்றாள்.

முதலில் நான். “உங்கட அண்ணன் குழாய் வேணாம் எண்டு சொன்னவர் கா. நான்தான் மறைச்சனான்.”

அவள் போனை வைக்கவில்லை.

போனை மகளிடம் தள்ளி, “இப்ப நீ என்ர கடிதத்தை வாசி” என்றேன். வாசித்தாள். “வாயை நனைக்கவும்” என்ற வரியில் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை.