கரி படியாத காலர்

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் புனே சினிமாக் கல்லூரியில் நான் நலம். "ஒங்கப்பாவுக்கு கசாயம் நல்லா கேட்டுகீது, இருமலே இல்லடி" என்று அம்மா போனில் சொன்னாள்.

வேலை போனதை வீட்டில் மறைக்கும் நிலக்கரித் தொழிலாளியைப் பற்றி என் குறும்படம். முன்குறிப்பே இல்லாமல் முடிவு வானத்திலிருந்து விழுகிறது என்றார் வாத்தியார். அதனால் முதல் காட்சியிலேயே, வீடு திரும்பும் தொழிலாளியின் காலரைச் சுத்தமாக வைத்தேன். மனைவி புது சோப்பை மெச்சுவதால் யாருக்கும் உறுத்தாது. கடைசியில் அதே காலரைக் காட்டினால் புரிந்துவிடும்.

மாதிரிக்காக, எண்ணூர் நிலக்கரி யார்டில் வேலை முடிந்ததும் நீங்கள் தினமும் அனுப்பும் செல்ஃபிகளைப் பார்த்தேன். ஈஸ்டருக்குப் பிறகு காலரில் கரியே இல்லை.

இருமல் நின்றது கசாயத்தால் இல்லை, அப்பா.

இரண்டு நாளாக எழுத ஓடவில்லை. நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள். பகலெல்லாம் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? எனக்கு மட்டும் சொல்லுங்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் ஜானட்