முடிவடிக்குப் பிறகு விழுந்த அடி

அன்புள்ள மகள் சுனந்தாவுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வெள்ளினேழித் தேவி துணை நிற்கட்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, உயிரோடு இருக்கிறோம், அதை நலம் என்று எடுத்துக்கொள். நான் பேசுவதற்குள் உன் கூடப்பிறந்த ஏட்டன் சசி உனக்குப் போன் பண்ணி அவன் கதையை உன்னிடம் சொல்லிவிட்டான் என்று தெரியும். நான் போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன், கதை பாதியில் நிற்கும். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், முழுதாகப் படி, நடுவில் யாரையும் கூப்பிடாதே.

மார்கழியில், தனு மாத உற்சவத்தில் கதகளியில் பாஸ்கரனுக்குக் கண் போனது உனக்குத் தெரியும். வதக் காட்சி. சசி பச்சை வேஷம், கொல்பவன். பாஸ்கரன் சிவப்புத் தாடி, சாகிறவன். உன் அச்சன் பொன்னானியாக முன்னால் நின்று பாட்டை நடத்தி, கையில் வெண்கலச் சேங்கிலையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சேகர மாரார் செண்டை. சண்டை முடிகிற நேரத்தில் சசி கையிலிருந்த கதாயுதம் நிஜமாகவே பாஸ்கரன் முகத்தில் இறங்கியது, கிரீடம் தெறித்து விளக்கின் மேல் விழுந்தது, இடது கண் குழைந்துபோனது. பெரிந்தல்மண்ணை ஆசுபத்திரியில் அந்தக் கண்ணையே எடுத்துவிட்டார்கள். சசி அன்றைக்கே சொன்னான், நான் என்னம்மா பண்ணட்டும், மாரார் அப்படிக் கொட்டினாரு, கொட்டு என்னைத் தூக்கிட்டுப் போயிருச்சு, நான் நானாவே இல்லைன்னு. ஊர் நம்பியது. நம் ஊர் இதை நம்பாமல் வேறு எதை நம்பும், செண்டை கேட்டால் பிணமும் எழுந்து உட்காரும் என்று பேசுகிறவர்கள் நாம். கோயில் கமிட்டி கூடி மாராரை இனி எந்த அரங்கிலும் கொட்டக் கூடாது என்று ஒதுக்கிவைத்தது. அந்த மனிதர் செண்டையைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் முடங்கினார். அவர் மனைவி என்னை வழியில் பார்த்தால் மறுபக்கம் நடப்பாள். உன் அச்சன் இத்தனைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டார், வெற்றிலை போட்டார், சுவரைப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது, இப்போதுதான் தெரிகிறது அவர் எதை மென்றுகொண்டிருந்தார் என்று.

அப்போதுதான் வாசகசாலைக்காரர்கள் வந்து, ஆசானே, கதகளிப் பாட்டை எப்படிக் கேட்கணும்னு சின்னப் பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி ஒரு பேச்சு வையுங்க, கேள்வி கேக்க நேரம் விடுங்க என்று கூப்பிட்டார்கள். போய்ப் பேசிவிட்டுச் சாயா குடித்துவிட்டு வாருங்கள், மனசு கொஞ்சம் இறங்கும் என்று நான்தான் பிடித்துத் தள்ளினேன். நானும் போனேன், முன்வரிசையில் குடையோடு உட்கார்ந்தேன். சசி பின்னால் கதவுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றான். பாஸ்கரனின் தம்பி திவாகரன் தன் ஆட்களோடு நடு பெஞ்சில் இருந்தான். அவனைப் பார்த்ததும் குடையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பேச்சு நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். மோகனத்தைப் பாடினார், பெஞ்செல்லாம் முகம் மலர்ந்தது. பிறகு அதிலே காந்தாரத்தை மட்டும் ஒரு படி கீழே இறக்கிப் பாடினார். மற்ற நாலு சுரமும் இருந்த இடத்திலேயே இருந்தன, ராகம் சிவரஞ்சனி ஆகிவிட்டது, யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தாளத்துக்குச் செம்படையை எடுத்தார். எட்டு எண்ணிக்கை. மெதுவான பதிந்த காலத்தில் அதையே முப்பத்திரண்டு மாத்திரையாக நீட்டி ஒரு கையசைப்பு முழுசாகப் பூக்க இடம் விட்டார், பிறகு பதினாறாக்கினார், கடைசியில் வெறும் எட்டாக்கினார், மூச்சு விட இடம் இல்லை. தாளம் மாறலை, நடுவிலே இருந்த காத்திருப்பைத்தான் எடுத்தேன், பயம் அங்கேருந்து வருது என்றார்.

கேள்வி நேரம் சிரிப்போடுதான் தொடங்கியது. தபால் ஆபீஸ் குட்டன் நாயர் எழுந்து, ஆசானே, நான் வீட்ல மோகனம் பாடினா எம் பொண்டாட்டி பாயசம் வெப்பாளான்னு கேட்டார். உன் அச்சன், உங்க குரல்ல பாடினா அவ கதவைச் சாத்துவா, ராகம் என்ன செய்யும் என்றார். கூரை இடிகிற மாதிரி சிரித்தார்கள். ஒரு பெண், அப்ப சிவரஞ்சனி எப்பவும் அழுகைதானா என்றாள். இல்லை மோளே, அதையே துள்ளு நடையில் பாடிக் காந்தாரத்துல நிக்காம ஓடினா பாதி அழுகை போயிரும், எந்தச் சுரத்துல தங்குறோம், எவ்வளவு நேரம் தங்குறோம், எந்த வேகத்துல போறோம், எல்லாம் சேர்ந்ததுதான் பாவம், சுரம் மட்டும் தனியா ஒருத்தனையும் அழவைக்காது என்றார்.

அப்போது திவாகரன் எழுந்தான். ஆசானே, எனக்கும் ஒரு சந்தேகம், நீங்க சொல்றதைப் பாத்தா ராகமும் தாளமும் மனுசனைக் கோபப்பட வைக்கும், அப்படின்னா எங்கண்ணன் கண்ணைப் பிடுங்கினது உங்க பாட்டா, மாராரோட செண்டையா, இல்லை உங்க மகனா, சேங்கிலை உங்க கையிலதானே இருந்துச்சு, சொல்லுங்க. நான் உன் அச்சனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. பெற்றவள் அல்லவா, ஆட்டினேன், மறைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், சேங்கிலையைக் கையில் எடுத்தார்.

சொல்லத் தொடங்கினார் பார், எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சண்டைக்குக் கூப்பிடற போர்விளியில நான் பாடினது கண்டார ராகம், அது வீரம், பகை இல்லை. பச்சையும் தாடியும் ஒரே ராகத்துல ஒரே தாளத்துல மாத்தி மாத்திச் சவால் விடறாங்க, ராகம் அடிக்கச் சொல்லும்னா ரெண்டு பேரும்தானே அடிச்சிருக்கணும். அதுக்கப்புறம் சண்டையில பாட்டே கிடையாது, கொட்டு மட்டும்தான். மாரார் அன்னைக்கு வேகமாப் போனார், மெய்தான். ஆனா கதகளியில செண்டை கையைப் பாத்துக் கொட்டும், கைக்குக் கூடுறதுன்னுதான் அதுக்குப் பேரே, சசி கை எவ்வளவு கேட்டுதோ அவ்வளவு கொடுத்தார், கொட்டு அவனை இழுக்கலை, அவன் கொட்டை இழுத்தான். அதுவும் போகட்டும். இதைக் கேளுங்க என்று செம்படையைத் தட்டி, வாயால் செண்டைச் சொல்லைச் சொல்லிக்கொண்டே முடிப்பான கலாசத்துக்கு வந்து, கடைசி அடியை ஓங்கித் தட்டிவிட்டு நிறுத்தினார். இதுதான் முடிவடி, கதாயுதம் இந்த அடிக்கு இறங்கி நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே நிக்கணும், அன்னைக்கும் நின்னுச்சு, தாடி வேஷம் விழுந்தாச்சு, ஆள் செத்தாச்சு. முடிவடி விழுந்துட்டா இனி அடி இல்லைன்னு வேஷக்காரன் உடம்புக்கே தெரியும், அது பழகின உடம்பு, பாஸ்கரன் தளர்ந்து திரை வருதான்னு தலையைத் தூக்கினான். ரெண்டாவது அடி அப்பத்தான் விழுந்துச்சு. கொட்டு நின்னபிறகு. திரை பிடிச்சு வந்தவங்க கூச்சல்ல யாருக்கும் தெரியலை, தாளம் என் கையில இருந்துச்சு, எனக்குத் தெரியும். அந்த அடிக்கு ராகமும் இல்லை தாளமும் இல்லை, அது எம் மகனோட அடி. இப்படிச் சொல்லி முடித்துச் சேங்கிலையை மேசை மேல் வைத்தார்.

பிறகுதான் தெரிந்தது, அன்று வேஷம் போடுகிற அணியறையில் பாஸ்கரன் சசியைப் பார்த்து, அப்பன் கையில சேங்கிலை இருக்கறதாலதானே உனக்குப் பச்சை வேஷம் என்று கேலி பண்ணியிருக்கிறான். அதற்குத்தான் ஒரு கண்.

நான் கதவுப் பக்கம் திரும்புவதற்குள் சசி பெஞ்சுகளை உதைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். சொந்த மகனைக் கொன்னுட்டீங்களே அச்சா, எல்லார் முன்னாடியும் கொன்னுட்டீங்களே என்று கத்தினான். சேங்கிலையைப் பிடுங்கினான். உன் அச்சன் ஓடவில்லை, கையை மேசை மேல் வைத்தபடி அவனையே பார்த்தார். அந்த வெண்கலத்தைத் தலைக்கு மேல் தூக்கி அந்தக் கையில் இறக்கினான் சுனந்தா. எலும்பு முறிந்த சத்தம் சேங்கிலைச் சத்தத்துக்குள்ளே கேட்டது. மறுபடி ஓங்கினான். நான் குடையால் அவன் முகத்தில் குத்தினேன், பெற்ற வயிறு என்று பார்க்கவில்லை, குத்தினேன், உதடு கிழிந்தது. அதற்குள் திவாகரன் ஆட்கள் அவன் மேல் விழுந்தார்கள். நாற்காலிக் காலால் முதுகில், விலாவில், காலால் வயிற்றில். புத்தக அலமாரி சாய்ந்து கண்ணாடி எல்லாம் தெறித்தது, குட்டன் நாயர் நெற்றியில் ரத்தம் வழிய மேசைக்கு அடியில் புகுந்தார், சின்னப் பிள்ளைகள் ஜன்னல் வழியே குதித்தார்கள். சசி ஒருவன் காதைக் கடித்துத் துப்பினான். அடியுங்கடா என்று நானே கத்தினேன் என்கிறார்கள். இருக்கலாம். போதும்டா என்று நான் அழுததும் எனக்கு நினைவிருக்கிறது, இரண்டும் நான்தான்.

கடைசியில் நிறுத்தியது திவாகரன்தான். தன் ஆட்களைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டு, போதும், கேட்ட கேள்விக்கு ஆசான் பதில் சொல்லிட்டார், இனி நாம அடிக்கறது கொட்டு நின்னபிறகு அடிக்கறதுதான் என்றான். உன் அச்சனை அவன் ஜீப்பில்தான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது மணிக்கட்டு மூன்று துண்டு, கம்பி வைத்திருக்கிறார்கள், இனிச் சேங்கிலை பிடிப்பது கஷ்டம் என்றார் டாக்டர். மறுநாள் கமிட்டிக்காரர்கள் மாரார் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். வாங்கன்னும் சொல்லலை, போங்கன்னும் சொல்லலை, செண்டையைப் பரணிலிருந்து இறக்கி வாரை இழுத்துக் கட்ட ஆரம்பிச்சிட்டார் என்று அவர் மனைவி வந்து சொன்னாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

சசி மேல் கேஸ் எழுதியிருக்கிறார்கள், ஜாமீனில் வந்து உன் மாமா வீட்டில் இருக்கிறான். அங்கிருந்து உன்னிடம் விசா கேட்டிருக்கிறான், நீயும் மாப்பிள்ளையிடம் சொல்லி ஏற்பாடு பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறாய் என்று மாமி சொன்னாள். பண்ணாதே. நான் பெற்ற பிள்ளை, அவனுக்குச் சோறு கட்டி நானே கோர்ட்டுக்குக் கொண்டுபோவேன், ஆனால் அவன் பாஸ்கரன் முகத்துக்கு முன்னால் நின்று, நான்தான் அடிச்சேன் என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அதுவரை கடல் தாண்டக் கூடாது. உன் அச்சன் கை உடைந்தது வீணாகப் போகக் கூடாது. நீ இளகின மனசுக்காரி, அதனால்தான் இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன்.

குழந்தைக்கு வெயிலில் தொப்பி போடு, சளிக்குக் கண்ட மருந்து கொடுக்காதே, பனங்கற்கண்டை மாமியின் மகன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். உன் அச்சன் தேறி வருகிறார். சாயங்காலம் இடது கையால் சேங்கிலையைத் தட்டிப் பழகுகிறார், தாளம் தப்பவில்லை, சத்தம்தான் மெலிவாக இருக்கிறது. நான் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டே கேட்பேன். முடிவடி விழுந்து சத்தம் நின்றதும் என் தலை தானாகக் குனிந்துகொள்கிறது, மகளே. இன்னும் ஓர் அடி வரும் என்று.

தீர்க்காயுசாக, கண்ணும் கையும் குறையாமல் எல்லோரும் இருங்கள். விசா விஷயம் மறக்காதே.

உன் அம்மா
தங்கமணி