விளம்பரத்தில் வெட்டப்பட்ட சைக்கிள்

உற்றார், உறவினர், நண்பர் அனைவருக்கும் துளியும் துயரமின்றி அறியத்தருவது: கண்டி நகரச் சைக்கிள் கடையொன்றின் முகநூல் பக்கத்தில் செவ்வாய் மாலை பிறந்த விளம்பரக் கதை, புதன் மதியம் அகால மரணமடைந்தது. அன்னாரைப் பெற்றவன், அப்பா, உங்கள் மூத்த மகன். பூதவுடல் இல்லை. புது டயர் வாசம் மட்டும் வீட்டுக்குள் கிடக்கிறது.

அப்பா, அந்த வாசம் உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்! தெல்தெனிய பஸ்ஸுக்கு நிற்கும் நேரமெல்லாம் அதே கடை வாசலில் தங்கச்சியோடு போய் நின்று மூக்கை நீட்டுவீர்கள். "மோந்து பாக்குறதுக்குக் காசு கேக்க மாட்டாங்க புள்ள" என்பீர்கள். இன்றைக்கு அது என் மூக்கில் ஏறினாலே குமட்டுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

கடை முதலாளி இப்போது தவணைக்குச் சைக்கிள் விற்கிறார். என் வட்ஸ்அப் பகிடிகளை அவருடைய மகன் காட்டியிருக்கிறான். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து நெக்டோ சோடா ஒன்றை உடைத்துக் கொடுத்தார்.

"தம்பி, ஒரு அப்பா, ஒரு மக. மகளுக்கு மொத சைக்கிள். அப்பா கொஞ்சம் கொஞ்சமாச் சேக்குறாரு. சின்னக் கதையா எழுதுங்க. மொத மூணு வரியில புடிக்கணும், அதுக்கு மேல 'மேலும் பார்க்க'ன்னு மறைச்சிருவான். கடைப் பேர் கடைசியில வந்தாப் போதும். மொதல்ல கண்ணுல தண்ணி வரணும், அப்புறம் கல்லாவுல காசு வரணும்."

கூலி, இரண்டு டயரும் டியூபும். தங்கச்சியின் சைக்கிளில் பின்டயர் தேய்ந்து நூல் தெரிகிறது. அவள் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். ஒத்துக்கொண்டேன். கற்பனைக்கு எங்கே போவது? நம் வீட்டுக் கதையையே எழுதினேன்.

உள்ளது உள்ளபடி எழுதினேன் அப்பா. சீசன் டிக்கெட்டில் போகும் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் பஸ்காரனுக்குப் பிரேக் எங்கே இருக்கிறது என்பது மறந்துவிடும். அப்படி பஸ் நிற்காமல் போய், மழையில் நனைந்து வந்த ஒரு நாள் தங்கச்சி சைக்கிள் கேட்டாள். நீங்கள் ஹார்ட்வெயார் கடையில் கூட வேலை செய்த ஒன்பது பேரோடு சீட்டுப் போட்டீர்கள். சம்பளத்தன்று எல்லாரும் ஒரே அளவு காசு வைக்க வேண்டும். மொத்தமும் அந்த மாதத்து ஆளுக்கு. யாருக்கு எந்த மாதம் என்பதைப் தகரப் பேணிக்குள் துண்டு போட்டுக் குலுக்கி எடுத்தீர்கள். உண்டியல் வைக்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, "காசு நம்மகிட்ட இருந்தா செலவாகிரும். அடுத்தவன்கிட்ட இருந்தா அவனுக்குத்தான் தலைவலி" என்றீர்கள்.

உங்களுக்கு விழுந்தது மூன்றாம் மாதம். சீட்டில் இருந்த லொறிக்காரரின் அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் என்றதும் அவருடைய ஏழாம் மாதத்துக்கு மாறிக்கொண்டீர்கள். ஏழாம் மாதம் வந்தது. கூடவே ஸ்டோர்காரரின் வீட்டில் பிரசவமும் வந்தது. நீங்கள் கடைசி மாதத்துக்குப் போனீர்கள்.

தங்கச்சி அன்றைக்கு ஆடிய ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்குமே.

"ஊருக்கெல்லாம் புள்ள பொறக்குது, எனக்கு ஒரு சைக்கிள் பொறக்க மாட்டேங்குது!"

ஒரு கிழமை, ஏழு நாளும், அவள் உங்களோடு பேசவில்லை. நீங்களும் சளைக்காமல், சாப்பிட உட்கார்ந்தால் "உப்ப யாராச்சும் தள்ளச் சொல்லுங்க" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குள் டொலர் இல்லை, இறக்குமதி இல்லை, பெற்றோல் இல்லை என்று வந்து, ஊரே சைக்கிளுக்குப் பாய்ந்தது. சீட்டுக்காசு பத்தாம் மாதமும் முதல் மாதத்து அளவுதான். விலை நிற்குமா? நம் சேமிப்பு நடந்து போனது, விலை எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் போனது. கடைசியில் கையில் வந்த முழுக் காசுக்கும் திகனயில் ஒருவரிடம் பழைய சைக்கிள்தான் கிடைத்தது. செயினை மாற்றி, ஹேண்டிலை நிமிர்த்தி, மிஞ்சிய கேட் பெயின்ட்டில் பச்சை அடித்தீர்கள். ஆனால் சைக்கிள் வந்தது, அப்பா. வந்து சேர்ந்தது. ஹேண்டிலைப் பிடித்தபடி நீங்கள், சீட்டில் பல்லெல்லாம் தெரியத் தங்கச்சி. அந்தப் படத்தையும் கதையோடு கொடுத்தேன்.

செவ்வாய் மாலை முதலாளி தன் தொலைபேசியில் காட்டினார்.

சீட்டைக் காணவில்லை, மண் உண்டியல் வந்திருந்தது. தங்கச்சியின் வாயைக் காணவில்லை. ஜன்னலோரம் கண்ணீர் விடும் ஒரு பொம்மை வந்திருந்தது. "அப்பா சேர்த்தார், சேர்த்தார், சேர்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அவர் போய்விட்டார். சைக்கிள் வரவேயில்லை. உங்கள் மகளையும் காக்க வைக்காதீர்கள். இன்றே தவணையில்!" சீ! ஒன்றரை வருடம் அவளைச் சைக்கிளில் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் போனீர்கள். இவர்கள் தவணை விற்க உங்களை முன்கூட்டியே கொன்றுவிட்டார்கள்.

அதைவிட அருவருப்பு அந்தப் படம். நம் சைக்கிள் பழசு, அவர்கள் விற்கும் வகையும் இல்லை. அதனால் வெட்டிவிட்டார்கள். அதோடு தங்கச்சியும் போய்விட்டாள். நீங்கள் மட்டும் நிற்கிறீர்கள், ஒரு கையை முன்னே நீட்டி, வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு. ஏதோ பிச்சை கேட்பவரைப் போல. அதற்குக் கீழே அழுகிற முகங்களும் இதயங்களுமாய்க் குவிந்திருந்தன. "விலை என்ன? இன்பொக்ஸ் பண்ணவும்" என்று ஒருவர். செத்த எலி மேல் சென்ட் அடித்த மாதிரி இருந்தது எனக்கு.

உங்கள் மகன் சும்மா விடுவானா? டயர் இரண்டையும் மேசை மேல் போட்டேன்.

"இதென்ன முதலாளி?"

"தம்பி, இது கத தானே. எல்லா வெளம்பரமும் கத தான்."

"கதன்னா உங்க அப்பா படத்தைப் போடுங்க. அவரு கையில இருக்குறத வெட்டிட்டுப் போடுங்க, பாப்போம்."

கடையில் நின்ற ஒரு தாய் சிரித்துவிட்டாள். கையில் பிடித்திருந்த தவணைக் கடதாசியைக் கதிரையில் வைத்துவிட்டு மகனையும் இழுத்துக்கொண்டு வெளியே போனாள். முதலாளியின் முகம் வெளிறிப் போனது. அங்கேயே, எங்கள் கண் முன்னே, விளம்பரத்தை அழித்தார். இப்படித்தான் என் வகுப்பில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் எப்படி அப்பா சொல்வது?

செவ்வாய் மாலை அந்தப் படத்தைப் பார்த்ததும் என் வாயில் வந்தது, "நல்லா வந்திருக்கு முதலாளி." அவ்வளவுதான். டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஊரையே கலாய்க்கிற வாய் சொன்னது அவ்வளவுதான்.

இரவு தங்கச்சியின் சிநேகிதி அதை அவளுக்கு அனுப்பி, "ஒனக்கு சைக்கிள் வரவேயில்லையாடி?" என்று கேட்டிருக்கிறாள். தங்கச்சி என்னைத் திட்டவில்லை. டயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நாளைக்கு நீயும் வர்ற."

போனேன். மேசை மேல் டயர் போட்டது அவள். உங்க அப்பா படத்தைப் போடுங்க என்றதும் அவள். முதலாளியை விளம்பரத்தை அழிக்க வைத்ததும் அவள். உங்களோடு ஒரு கிழமை பேசாமல் இருந்தவள், உங்களுக்காகப் பேசினாள். அவள் குரல் ரோட்டைத் தாண்டிக் கேட்டது. உங்களுடைய அந்த நீட்டிய கை மட்டும் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. என்ன எழுத உட்கார்ந்தாலும் முன்னால் வந்து நிற்கிறது.

ரோட்டைத் தாண்டிக் கேட்டது என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் பேக்கரிக்குள் நின்றது நான்தான். கையில் மீன் வைத்த மாலு பணிஸ். அதற்குக் காசு கொடுத்ததும் தங்கச்சிதான்.