சந்தையில் நீங்கள் நீட்டிய ஐந்து விரல்கள்

இந்த வாரம் சந்தைக்குள் நுழையும்போதே கல்தூள் வாசனை அடித்தது. நனைந்த ஆட்டு ரோமமும் புழுக்கையும் மணக்கிற இடத்தில் அது ஒட்டவே இல்லை. புளியமரத்தை ஒட்டி வேலிக்கற்களை இறக்கி அடுக்கி வைத்திருந்தார்கள். புதிதாகக் கொள்முதலுக்கு வந்திருக்கிற கம்பெனியின் எடைக்கொட்டகையைச் சுற்றி நடுவதற்காம். ஆட்டுக்குட்டியின் கயிற்றைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. கல்லைப் பார்த்தாலும் உங்கள் நினைவுதான் வருகிறது. கட்டிக்கொண்ட புருஷனைப் பூவைப் பார்த்து நினைக்கிற பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை.

சரித்திரத்தில் எம்.ஏ. படித்துவிட்டு ஆட்டுக் கம்பெனியில் கொள்முதல் அதிகாரியாகப் போனவர் இந்த மேச்சேரிப் பக்கத்தில் நீங்கள் ஒருவர்தான். நம் ஊர் ஆட்டின் தோலுக்கு வெளியே என்ன மதிப்பு என்று வடக்கிலிருந்து வந்த அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, நம் ஆட்களுக்கு அவர்கள் பாஷை தெரியாது. நடுவில் நீங்கள். "அந்தக் காலத்துல வெள்ளைக்காரனுக்கும் நம்ம ஆளுங்களுக்கும் நடுவால நின்னவனுக்குத் துபாஷின்னு பேரு புள்ள. நாந்தான் இந்தச் சந்தைக்குத் துபாஷி" என்று சோற்றைப் பிசைந்தபடி சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது. பல வருஷம் டியூட்டோரியலில் தொண்டை வற்றக் கத்தியபின் கிடைத்த மாதச் சம்பளம் அது. மகள் சேலத்தில் நர்சிங் சேர்ந்திருந்த நேரம்.

கம்பெனி வந்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். முதலில் ஒரு எடை மெஷினும் தகரக் கொட்டகையும்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற சந்தையில், எடை போட்டுக் கையில் காசு கொடுத்தார்கள். நானே சந்தோஷப்பட்டேன். பிறகு திருட்டுப் பயம் என்று கொட்டகையைச் சுற்றி வேலி வந்தது. வேலிக்குள் அவர்கள் சட்டம். அங்கே வண்டி நிறுத்தினால் அவர்களே அபராதம் போட்டார்கள். சந்தைக்கு ஒரு சங்கம் இருந்தது, சுங்க வசூலை ஏலத்தில் எடுத்து நடத்துவது அதுதான். அதற்குள் வியாபாரிகளுக்கும் எங்களைப் போல ஆடு வளர்க்கிறவர்களுக்கும் நிழலுள்ள கிழக்கு வரிசை யாருக்கு என்று சண்டை மூண்டது. வியாபாரிகளின் தலைவர் பழனியப்பண்ணன் போய்க் கம்பெனியின் காவலாட்களைத் துணைக்குக் கேட்டார். அடுத்த வாரமே எங்கள் தலைவி நல்லக்காவும் போய்க் கேட்டார். கம்பெனி இரண்டு பேருக்கும் ஆள் கொடுத்தது. அந்த ஆட்களுக்கான செலவு மட்டும் சங்கத்தின் தலையில் ஏறிக்கொண்டே போனது.

அந்தச் செலவுக்கு ஈடாகத்தான் கம்பெனியிலிருந்து ஒரு ஒப்பந்தம் வந்தது. அதைக் கூட்டத்தில் தமிழில் விளக்கிக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது உங்கள் வேலை. முந்தின நாள் முழுக்க அந்தக் காகிதத்தையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஏனுங்க, காயிதத்தப் படிச்சுக் காட்டிட்டு வந்துருங்க. உங்க சரித்திரத்தயெல்லாம் அங்க எடுக்காதீங்க" என்று புறப்படும்போது சொன்னேன்.

"படிக்கத்தான் போறேன் புள்ள" என்றீர்கள். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு போனீர்கள். படிப்பதோடு நிறுத்த மாட்டீர்கள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சந்தைக் கொட்டகை நிறைந்து வெயிலில் வழிந்தது கூட்டம். மேடையில் வடக்கத்தி மேலாளர், கையில் பேனாவோடு. அவர் பக்கத்தில் நீங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் காவலாட்கள் வரிசையாக நின்றார்கள். நீங்கள் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தீர்கள்.

"இதப் படிக்கறதுக்கு முன்னால ஒரு கம்பெனியோட கதையச் சொல்லோணுமுங்க. சித்த நேரம்தான். நம்ம சந்தையில எல்லாமே வெரல்லதான. இதுவும் அஞ்சு வெரல்தானுங்க."

கட்டைவிரலை நீட்டினீர்கள். "மொதல்ல கட. லண்டன்ல யாவாரிங்க கூட்டுப் போட்டு, அவுங்க ராணிகிட்ட ஒரு சாசனம் வாங்குனாங்க. கெழக்கு நாட்டுல அந்த ஊர்க்காரங்க யாவாரம் பண்ணோணும்னா இவுங்க கம்பெனி மட்டுந்தான். நம்ம பாட்டங்காலத்துல கும்பினின்னு சொன்னது இந்தக் கம்பெனியத்தான். இங்க வந்து மொகலாய பாதுஷாகிட்ட கும்புட்டு நின்னாங்க. மொளகும் துணியும் வாங்கிக்கறோம், ஒரு கிடங்கு வெச்சுக்கறோம்னாங்க. இதுல தப்பேதும் இல்லீங்க. யாவாரம்னா அப்புடித்தான்."

'கம்பெனி', 'கம்பெனி' என்று காதில் விழவும் மேலாளர் தலையை ஆட்டிப் புன்னகைத்தார்.

"ரெண்டாவது, கோட்ட." ஆட்காட்டி விரல். "நம்ம கடலோரத்துல ஒரு நாயக்கர்கிட்ட மணல்மேடு ஒண்ணக் கேட்டு வாங்குனாங்க. கிடங்கச் சுத்திச் செவுரு வெச்சாங்க. சரக்குக்குப் பாதுகாப்புன்னு பீரங்கி வந்துச்சு. செவுத்துக்குள்ள அவுங்க கோர்ட்டு, அவுங்க தண்டன. அங்க எடங் கொடுத்த நாயக்கரோட பேச்சு எடுபடல."

யாரும் திரும்பி வேலியைப் பார்க்கவில்லை. ஆனால் முன்வரிசையில் இருந்தவர்கள் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மூணாவதுதானுங்க முக்கியம். வாடகைக்குப் பட. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தரு பிரெஞ்சுக்காரன் படையக் கூப்புட்டாரு, இன்னொருத்தரு கும்பினிப் படையக் கூப்புட்டாரு. பட முக்காவாசி நம்மூர்ப் பசங்கதான், துப்பாக்கியும் பயிற்சியும் அவுங்களோடது. கும்பினி ஆளு செயிச்சாரு. செயிச்சவருக்கு என்ன மிஞ்சுச்சு? படைக்கு ஆன செலவு. அதக் கட்ட முடியாம ஒவ்வொரு சீமையோட வரியையும் எழுதிக் கொடுத்துக்கிட்டே போனாரு. பட்டமும் குதிரையும் அவருகிட்ட, வருமானம் அவுங்ககிட்ட."

பழனியப்பண்ணன் எழுந்துவிட்டார். "மாப்ள, யாரச் சொல்ற நீ?"

"நவாப்பத்தானுங்க மாமா சொல்றேன்."

"இல்ல. நீ எங்களச் சொல்ற." அவர் பின்னால் நாலைந்து பேர் எழுந்தார்கள். மேலாளர் புன்னகையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தார். நீங்கள் தண்ணீர் குடித்தீர்கள். டம்ளர் மேசையில் தட்டி ஓசை எழும்பியதை நான் பெண்கள் வரிசையிலிருந்தே கேட்டேன். நிறுத்திவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அடுத்த நொடியே, நிறுத்திவிட்டால் இந்த மனுஷனோடு எப்படிக் குடித்தனம் செய்வது என்றும் தோன்றியது. இரண்டும் உண்மை.

அப்போது நல்லக்கா உட்கார்ந்தபடியே சொன்னார்: "ரெண்டு பேரையுந்தாஞ் சொல்றாரு அண்ணா. உக்காருங்க. நாலாவது வெரல் என்னன்னு கேப்போம்."

நீங்கள் மோதிரவிரலைத் தொட்டீர்கள். "நாலாவது, வரி. வங்காளத்துல கும்பினிச் சரக்குக்குச் சுங்கம் கெடையாதுன்னு பாதுஷா ஒரு சீட்டுக் கொடுத்திருந்தாரு. கும்பினி ஆளுங்க அதக் காட்டித் தங்களோட சொந்தச் சரக்கையும் சும்மா கொண்டு போனாங்க. கேக்காமயே கோட்டையப் பெருசாக்குனாங்க. அந்த வங்காளத்து நவாப் சண்டைக்குப் போனாரு. அவரோட தளபதியும் பெரிய சாவுகாருங்களும் கும்பினியோட சேந்துக்கிட்டாங்க. சண்டை நடக்கறதுக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சு. அப்பறம் கும்பினி வெச்ச ஆளுதான் நவாப். சில வருசத்துல இன்னொரு போரு, அதுல பாதுஷாவே தோத்துட்டாரு. அவருகிட்ட ராஜ்ஜியத்தக் கேக்கலீங்க. வரி வசூலு பண்ற உரிம மட்டும் போதும்னாங்க. பாதுஷாவுக்கு வருசா வருசம் ஒரு தொக, நவாப்புக்கு ஒரு படி, மிச்சம் நமக்குன்னாங்க. அதுக்கு முன்னால சரக்கு வாங்கக் கப்பல்ல வெள்ளி கொண்டு வருவாங்க. இப்ப எதுக்கு? குடியானவன்கிட்ட வரி வாங்கி, அந்தக் காசுலயே அவன் நெய்ஞ்ச துணிய வாங்கிக் கப்பல்ல ஏத்துனாங்க."

பிறகுதான் சட்டைப்பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தீர்கள். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் படித்தீர்கள். காவலுக்கான செலவுக்கு ஈடாகச் சந்தையின் சுங்க வசூல் கம்பெனிக்கு. காவலும் வழக்குத் தீர்ப்பதும் கம்பெனிக்கு. சங்கத்துக்கு வருஷா வருஷம் ஒரு நிலையான தொகை.

எங்கோ ஒரு கிடா கத்தியது.

"அஞ்சாவது?" என்றார் பழனியப்பண்ணன். உட்கார்ந்திருந்தார்.

"ஆட்சிங்க மாமா. மத்த ராசாக்களுக்கெல்லாம் எங்க படைய வெச்சுக்கோ, செலவக் கொடு, எங்களக் கேக்காம யாருகூடயும் பேசாதன்னு உடன்படிக்க. ஒத்துக்காதவங்களோட போரு. மைசூர் சுல்தான் தோத்தப்ப, உடன்படிக்கையில நம்ம சேலத்துச் சீமை கும்பினிக்குப் போச்சு. இந்தச் சந்த நடக்கற மண்ணும் அதுல சேத்தி. ஒடனே வரி வாங்க அதிகாரி வந்தாரு, அப்பறம் கோர்ட்டு. கடைசியில லண்டன்ல சட்டம் போட்டுக் கும்பினியோட யாவாரத்தையே நிறுத்திப்போட்டாங்க. கடையே இல்லாத கம்பெனி இருவத்தஞ்சு வருசம் நாட்ட ஆண்டுச்சு. சிப்பாய்ங்க திரும்பி நின்னதுக்கப்பறந்தான் அன்னிக்கி இருந்த ராணி தன் கையில எடுத்துக்கிட்டாங்க."

அதோடு முடித்திருக்கலாம். நீங்கள் மேலாளர் பக்கம் திரும்பி, அவர் பாஷையில், சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னீர்கள். பொய் சொல்லிச் சமாளிக்க இடமிருந்தது. அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். உங்கள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கைநீட்டிக் கேட்டார். கழற்றிக் கொடுத்தீர்கள்.

அன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. பழனியப்பண்ணனும் நல்லக்காவும் கிழக்கு வரிசையை வாரம் மாற்றி வாரம் எடுத்துக்கொள்வதாக அங்கேயே பேசி முடித்தார்கள். காவல் செலவைச் சங்கம் தவணையில் கட்டித் தீர்த்தது. வேலியைப் பிடுங்கும்படி கம்பெனியிடம் சொன்னார்கள். "மெஷின் இருக்கட்டுமுங்க, அதுல தப்பில்ல" என்று அதற்கும் நீங்கள்தான் பேசினீர்கள்.

நான் வீட்டுக்கு வந்து உங்களோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "டியூட்டோரியல்ல கேட்டிருக்கேன் புள்ள, திரும்பச் சேத்துக்கறாங்களாம்" என்றீர்கள். அன்றும் மாறிப் போயிருந்த சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டேன். எனக்கு உங்கள் மேல் அத்தனை கோபம், அத்தனை பெருமை. கோபத்தை மட்டும்தான் சொன்னேன். பெருமையை இப்போது சொல்கிறேன்.

இனி இந்த வாரக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இப்போது நானும் சங்கக் கமிட்டியில் இருக்கிறேன். புதுக் கம்பெனியின் பையன் நல்ல மாதிரி, நம் பக்கத்து ஆள்தான். "ஆடு களவு போகாம இருக்கத்தானுங்க. ஒரு வேலிதான" என்றான். பாதிப் பேருக்கு அதில் குற்றமாக எதுவும் படவில்லை. நீங்கள் பேசிய நாளில் சந்தைக்கே வராத இளவட்டங்கள் நிறைய. எங்கே தொடங்குவது, சாசனத்திலா, மணல்மேட்டிலா என்று தெரியாமல் எழுந்து நின்றேன்.

அதற்குள் மூலையில் நாற்காலியில் சாய்ந்திருந்த பழனியப்பண்ணன், பக்கவாதம் வந்து பேச்சு போன மனுஷர், நன்றாக இருக்கிற ஒரு கையைத் தூக்கினார். நீங்கள் கோட்டை என்று காட்டிய ஆட்காட்டி விரலை மட்டும் நீட்டி அந்தக் கற்களைக் காட்டினார். நல்லக்காவும் அதே விரலைத் தூக்கினார். பிறகு பின்வரிசையில் ஒருவர், புளியமரத்தடியில் இருவர். இளவட்டங்கள் ஒன்றும் புரியாமல் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது என்னங்க கணக்கு?" என்று கேட்டான் அந்தப் பையன்.

"உக்காரு சாமி, சொல்றேன்" என்று கட்டைவிரலை நீட்டினேன்.