கவண் நழுவிய வரி

இந்த மடலைப் பாடசாலைச் சுவரில் ஒட்டுவார்கள். உன் அம்மாவும் வாசிப்பார். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இன்று காலை என் பாட்டுக் கொப்பியைத் திறந்தேன். பதினோராம் பக்கத்தின் ஓரத்தில் உன் சிவப்பு விரலடையாளம். ஆடுவதற்காக விரல் நுனியில் பூசிய சாயம் காயுமுன் நீ அந்தப் பக்கத்தைத் தொட்டிருந்தாய். நான் அன்று உன்னைக் கடிந்துகொண்டேன். இன்று அந்த அடையாளத்தின் மேல் என் விரலை வைக்கக் கூசுகிறது.

நீ போட்டியில் ஆடுவதற்கு வள்ளி கதைக்குப் பதம் எழுதும்படி நடன ரீச்சர் என்னிடம் சொன்னபோது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். “பரம்பொருள் பாவையின் பக்தியை மெச்சி வந்தான்” என்பது முதல் வரி. வெல்லாவெளி பஸ்ஸில் வந்திறங்கிய நீ, புத்தகப்பையை இறக்காமலே வாசித்தாய்.

“என்னகா இது? பரம்பொருளுக்கு எந்தக் கை முத்திரையைப் பிடிக்கிற? மெச்சுறத்துக்கு முதுகில தட்டுறதா?”

எனக்குக் கோபம் வந்தது. நீ விடவில்லை. ஒரு வரியைப் பாடகி நாலைந்து தரம் திருப்பிப் பாடுவார். முதல் தரம் சொல்லுக்குச் சொல் கை காட்டலாம், மறுகா திருப்பிப் பாடும்போது அந்த வரிக்குள்ளே கதை இருந்தால்தான் விரித்து ஆடலாம் என்றாய். நான் முகத்தை நீட்டிக்கொண்டே மாற்றினேன்:

தினைக்கதிர் கொத்தும் கிளியைக் கவண் சுழற்றி ஓட்டினாள்
தடியூன்றி வந்த கிழவன் தண்ணீர் கேட்டு நின்றான்

“இப்ப சரி,” என்றாய். உடனே கவணைச் சுழற்றினாய். அடுத்த கணம் வலப்பக்கம் நகர்ந்து, முதுகு வளைந்து, உள்ளங்கை குவித்துத் தண்ணீர் கேட்டாய். இருவரையும் நீ ஒருத்தியே ஆட வேண்டும். அதனால் கிழவன் நின்ற இடத்தை மனதில் குறித்து வைத்திருக்க வேண்டுமாம்.

யானை வரும் வரியில்தான் நாம் சண்டை பிடித்தோம். “வேழம் கண்டு அச்சம் மிகக் கொண்டாள்” என்று எழுதியிருந்தேன்.

“வேழம் எண்டா கரும்பும்தானே? கரும்பைக் கண்டா வள்ளி ஓடுற?” என்று சிரித்தாய். பிறகு சிரிக்காமல் சொன்னாய்: “எங்கட வயல் வட்டைக்க யானை வந்த அண்டைக்கு நான் அச்சம் ஒண்டும் கொள்ளல்ல. கையில இருந்த தடி எப்ப விழுந்ததெண்டு தெரியா. கண்ணை எடுக்காமப் பின்னுக்குப் பின்னுக்கு நடந்தன்.”

அதை அப்படியே எழுதினேன்.

கவண் நழுவக் கண் விலகாமல் பின்னே பின்னே நடந்தாள்

தாளத்தின் எட்டு அட்சரத்துக்குள் அடங்க ஒரு சொல்லை நீட்டியது மட்டுமே என் வேலை.

போட்டியன்று உன் இறுக்கிய முஷ்டி விரல் விரலாக அவிழ்ந்தது. நீ பின்னால் நடந்து நடந்து, கிழவன் நின்ற அதே இடத்தில் முதுகு முட்டி நின்றாய். அரை வட்டம் திரும்பியதும் நீயே கிழவன். வளைந்த முதுகு மெல்ல நிமிர, அங்கே வேலோடு முருகன் நின்றான். ஒற்றை வரி உன்னை அவ்வளவு தூரம் கொண்டுபோனது.

முடிவு சொன்ன நடுவர் அந்த வரியை வாசித்து, “இது யாருக்குத் தோன்றியது?” என்று கேட்டார்.

“எனக்குத்தான் சேர்,” என்றேன்.

நீ சலங்கையோடு என் பக்கத்தில் நின்றாய். திரும்பி வரும்போது பஸ்ஸில், “வேழக்கரும்பைத் திண்ட வாயால பொய்யும் வருமாகா?” என்று மட்டும் கேட்டாய். நான் யன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்தேன். நாளைக்குச் சொல்லலாம், ரீச்சரிடம் திருத்தலாம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை.

இன்று பின்னேரம் உன் நினைவாக அந்தப் பதத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஆடினாள். தொடங்குமுன் உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்தார்.

“என்ட புள்ள சொன்ன சொல்லை நீ பாட்டில சேர்த்தியாம். வந்து வந்து சொல்லிச் சிரிச்சாள். உனக்குப் பெரிய மனசு மகள்.”

வீட்டில் நீ அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாய். மிச்சத்தை எனக்காக மறைத்திருக்கிறாய்.

இப்போது எதை எழுதினாலும், “இதுக்குக் கை எங்க போகும்?” என்ற உன் கேள்வி வந்து நிற்கிறது. வெட்கம் என்ற சொல்லுக்கும் அதைக் கேட்டுப் பார்த்தேன். பின்னேரம் உன் அம்மாவின் பிடியிலிருந்து என் கைகள் விரல் விரலாக நழுவின. கண்ணை மட்டும் அவர் முகத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

“அம்மா, நான் அண்டைக்கு…” என்று தொடங்கினேன். நடனத்துக்காக மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.