இணைச் செயலருக்கு ஒரு வரவேற்புரை

1999 பிப்ரவரி 8, திங்கள். கிட்வாய் நகர்

கல்லூரி ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் கிடைத்துவிட்டார். மந்திரி மாட்டேன் என்றார், துணை மந்திரியும் மாட்டேன் என்றார், கடைசியில் உயர்கல்வி இணைச் செயலர் இளஞ்செழியன் அகப்பட்டார். பிரின்சிபால் அம்மாளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "உஷா ஜி, ஆப் தோ மத்ராஸி ஹைன். வெல்கம் ஆப் ஹீ கீஜியே" என்றாள். மதராஸி நான்தானாம், நானே வரவேற்க வேண்டுமாம். எட்டு வருஷமாக இங்கே தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், ஒருநாள் மேடையேற்றியதில்லை. இப்போது ஒரு 'ழ'வுக்காக நான் வேண்டும். த்தூ!

எட்டு வருஷமும் தற்காலிகம்தான். நான்கு மாதத்துக்கு ஒரு ஆர்டர். வேதாந்தம் சார் ஓய்வு பெற்ற நிரந்தர இடம் காலியாகவே கிடக்கிறது. அதை நிரப்ப அனுமதி கேட்ட ஃபைல் இதே இளஞ்செழியன் மேசையில்தான் தூங்குகிறது.

பிப்ரவரி 10

ஃபாக்ஸில் அவருடைய பயோடேட்டா வந்தது. மூன்று பக்கம்! கோல்ஃப் ஆடுவாராம், சிதார் கேட்பாராம். இதையெல்லாம் வாசித்தால் பின்வரிசைப் பிள்ளைகள் கேன்டீனுக்குப் போய்விடும். மூன்று செய்தி போதும்: இப்போதைய பதவி, செய்த ஒரு நல்ல காரியம், கல்லூரியோடு ஏதாவது ஒட்டு. நல்ல காரியத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. பீகாரில் கலெக்டராக இருந்தபோது பெண்கள் விடுதி ஒன்று கட்டியிருக்கிறார். நம்முடையது பெண்கள் கல்லூரி. ஒட்டிவிட்டேன். எழுதியதை அவர் ஆபீஸுக்கும் ஃபாக்ஸில் அனுப்பினேன்.

பிப்ரவரி 12

அவருடைய பி.ஏ. ராமமூர்த்தி போன். "ஜெனீவா டிரெயினிங்கை விட்டுட்டேளே மேடம்!"

"மூணு நிமிஷம்தான் சார் எனக்கு."

"சரி, போகட்டும். சார் பேசறதுக்கும் நீங்களே ஒரு டிராஃப்ட் அனுப்பிடுங்கோ. எல்லாக் காலேஜும் அப்படித்தான் பண்றா."

வரவேற்கிறவளும் நானே, அதற்கு நன்றி சொல்லிப் பேசுகிறவரும் நானே! இவர்களுக்கு நாக்கைத் தவிர சொந்தமாக என்னதான் இருக்கிறது?

பிப்ரவரி 13

வரவேற்புரையில் எதையும் கேட்கக் கூடாது. குறை, கோரிக்கை எல்லாம் பிறகு பிரின்சிபால் வாசிக்கும் ஆண்டறிக்கையில்தான். அவளோ புதிய ஏ.சி. ஆடிட்டோரியம் கேட்கிறாள். தமிழைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஆனால் விருந்தினர் உரை என் கையில் இருக்கிறதே! கடைசிப் பத்தியில் இந்தப் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதினேன்: 'இக்கல்லூரியின் காலியான தமிழ்ப் பணியிடம் வரும் ஜூலைக்குள் நிரப்பப்படும் என்று உறுதியளிக்கிறேன்.'

என் வீட்டுக்காரர் வேணு படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஒனக்கென்ன கிறுக்கா? அந்தாளு கண்டுபிடிச்சா?"

"முன்னாடியே படிச்சாத்தானே கண்டுபிடிக்க!"

பிப்ரவரி 19, வெள்ளி

விழா. ஐந்து மணி என்று அழைப்பிதழ், ஐந்தே முக்காலுக்கு வந்தார். விளக்கேற்றல், கடவுள் வாழ்த்து, பிறகு நான். முதலில் சிறப்பு விருந்தினர், அடுத்து நிர்வாகக் குழுத் தலைவர், அப்புறம்தான் பிரின்சிபால். இந்த வரிசை பிசகினால் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். யார் பெயரைச் சொல்கிறேனோ அவருக்குப் பூங்கொத்து போக வேண்டும். கொத்துகளை ஏந்தி நின்ற மாணவி முதல் கொத்தையே தலைவரிடம் நீட்டப் போனாள், நான் பெயரை இன்னொரு தரம் அழுத்திச் சொல்லி அவளைத் திருப்பினேன். "வருக" என்று ஒரே தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மூன்று நிமிடம் ஆகவில்லை.

பிறகு அவர் எழுந்தார். என் ஆங்கிலத்தை, என் நகைச்சுவையை, நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தி வாசித்தார். கடைசிப் பத்தி. 'உறுதியளிக்கிறேன்.' தமிழ் படிக்கும் பதினோரு பெண்களும் கத்தினார்கள், மண்டபமே கைதட்டியது. பிரின்சிபால் வாய் திறந்தபடி தட்டினாள். ஐயோ, எனக்கு வந்த சிரிப்பு! முட்டாள், எதைக் கொடுத்தாலும் வாசிக்கிறான்.

பிப்ரவரி 22

ராமமூர்த்தி போன். "சார் கார்லயே ரெண்டு தரம் படிச்சுட்டார் மேடம். அந்த வரியைப் பார்த்து, 'எழுதினவா கெட்டிக்காரா, இருக்கட்டும்'னு சிரிச்சார். இன்னிக்கு ஃபைல்ல கையெழுத்தும் ஆயிடுத்து."

தெரிந்தேதான் வாசித்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சந்தோஷம். வேணு கரோல் பாகிலிருந்து ஜிலேபி வாங்கி வந்தார்.

ஜூன் 24

அந்த நிரந்தர இடத்துக்கு நேர்காணல், நானும் போனேன். எதிரே ஐந்து பேர், பத்து நிமிடம். பி.எச்.டி. ஏன் முடிக்கவில்லை என்று கேட்டார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறை வேலைக்குக் காவடி தூக்கியவள் எங்கே முடிப்பது? சிரித்து வைத்தேன்.

ஜூலை 16, வெள்ளி

சொன்னபடியே ஜூலைக்குள் நிரப்பிவிட்டார்கள். ஜ்யோத்ஸ்னா, இருபத்தெட்டு வயது, டாக்டர் பட்டம். நிரந்தரமாக ஒருத்தி வந்தால் தற்காலிகத்துக்கு இடம் ஏது? அந்த வரி இல்லாவிட்டால் இந்நேரம் அடுத்த நான்கு மாத ஆர்டர் என் கையில் இருந்திருக்கும். நிரப்பப்படும் என்று மட்டும்தானே எழுதினேன், கெட்டிக்காரி!

அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்து வாசலிலேயே நின்றாள். "உள்ள வரலாமா மேடம்?"

"வாம்மா," என்றேன். "உன் ரூம்தான்."